நஷ்ட மாதத்தின் கணக்கு

கோவையில் வார இறுதிகளில் பங்கு வர்த்தக வகுப்பு நடத்தும் ஒருவர், மாதம் முடிந்ததும் தன் மாணவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். மாணவர் ஒருவர் வழியாக அது என் கைக்கு வந்தது. முதல் வரியிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறார்: "இந்த மாதம் நம் முறைப்படி 20 டிரேடு எடுத்தோம். 5 லாபம், 15 நஷ்டம். இரண்டு லட்ச ரூபாய் முதலுக்கு, செலவெல்லாம் போக 6,200 ரூபாய் போய்விட்டது. முறை கெட்டுவிட்டதா என்று பலர் கேட்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்."

அவர் கற்றுக்கொடுக்கும் முறை எளிமையானது. நிஃப்டி 50 பட்டியலில் உள்ள ஒரு பங்கு, கடந்த 20 வர்த்தக நாட்களின் உச்ச விலையைத் தாண்டி முடிந்தால் மறுநாள் காலை வாங்க வேண்டும். பிரேக் அவுட் என்பார்கள். 1983இல் சிகாகோவில் ரிச்சர்ட் டென்னிஸ் என்ற வர்த்தகர், சந்தை அனுபவமே இல்லாத சிலரையும் சேர்த்துக்கொண்டு ஒரு குழுவுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர் சொல்லிக்கொடுத்த விதிகளிலும் இந்த 20 நாள் உச்சம் இருந்தது. கோவை ஆசிரியர் அதைப் பங்குகளுக்கு ஏற்றபடி சுருக்கி வைத்திருக்கிறார்.

ஒரு பங்கை 500 ரூபாய்க்கு வாங்கினால் 475இல் ஸ்டாப் லாஸ், 550இல் டார்கெட். விழுந்தால் பங்குக்கு 25 ரூபாய் நஷ்டம், ஏறினால் 50 ரூபாய் லாபம். எந்த டிரேடிலும் 1,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. அதனால் 40 பங்குகள்தான் வாங்கலாம். அதாவது ஜெயித்தால் 2,000 ரூபாய் வரும், தோற்றால் 1,000 ரூபாய் போகும். பழைய விலைகளை வைத்துச் சோதித்துப் பார்த்ததில் நூற்றுக்கு நாற்பது முறை டார்கெட் கிடைத்திருக்கிறது.

நூற்றுக்கு அறுபது முறை தோற்கும் முறையை நல்ல முறை என்று எப்படிச் சொல்வது? 20 டிரேடில் 8 ஜெயித்தால் 16,000 ரூபாய். 12 தோற்றால் 12,000 ரூபாய். மிச்சம் 4,000. ஜெயிக்கும் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், ஒவ்வொரு வெற்றியும் இரண்டு தோல்விகளை ஈடுகட்டுவதால் முறை நிற்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எட்டு வெற்றி என்பது சராசரிதான். ஒவ்வொரு மாதமும் எட்டு வருவதில்லை. நூற்றுக்கு நாற்பது என்ற வாய்ப்பு துளியும் மாறாமல் அப்படியே இருந்தாலும், ஒரு மாதம் பதினொன்று வரும், இன்னொரு மாதம் ஐந்து வரும். நிகழ்தகவுக் கணக்குப்படி 20இல் 6 அல்லது அதற்குக் குறைவான வெற்றிகள் வர வாய்ப்பு சரியாக நூற்றுக்கு 25. ஆறு வெற்றி என்றால் 12,000 வரவு, 14,000 செலவு. ஆக, எந்தக் குறையும் இல்லாத முறையிலேயே நான்கு மாதத்துக்கு ஒரு மாதம் நஷ்டத்தில் முடியும்.

இங்கேதான் அந்த மின்னஞ்சல் மற்ற பயிற்சியாளர்களின் சமாதானங்களிலிருந்து விலகிப் போகிறது. செலவையும் அவர் கணக்கில் சேர்க்கிறார். 20,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கி டெலிவரி எடுத்து விற்றால், பங்குப் பரிவர்த்தனை வரி வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம். அதுவே சுமார் 40 ரூபாய். முத்திரைத் தீர்வை, டீமேட் கணக்கிலிருந்து பங்கு வெளியேறும்போது பிடிக்கும் கட்டணம், சில்லறைக் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து ஒரு டிரேடுக்கு 60 ரூபாய் என்று அவர் வைத்துக்கொள்கிறார். 20 டிரேடுக்கு 1,200. தனியாகப் பார்த்தால் சிறிய தொகை. ஆனால் ஏழு வெற்றி கிடைக்கும் மாதத்தைப் பாருங்கள்: 14,000 வரவு, 13,000 நஷ்டம், மிச்சம் 1,000. செலவைக் கழித்ததும் 200 ரூபாய் நஷ்டமாகிவிடுகிறது. ஆகவே ஏழு வெற்றி மாதமும் நஷ்ட மாதங்களின் பக்கம் சேர்ந்துவிடும். நூற்றுக்கு 25 என்றிருந்த வாய்ப்பு நூற்றுக்கு 41க்கும் மேலே போகிறது. வருடத்துக்கு ஐந்து மாதம் நஷ்டக் கணக்கு! அப்படியிருந்தும் வருட முடிவில் நஷ்டத்தில் நிற்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஆறேழுதான். மாதம் மாதம் பார்த்தால் ஆட்டம் காண்பது, 240 டிரேடுகள் சேர்ந்ததும் நிலைத்துவிடுகிறது.

ஐந்து வெற்றி மட்டும் கிடைக்கும் மாதம், அல்லது அதைவிட மோசமான மாதம், எட்டில் ஒன்று. வருடத்தில் ஒன்றோ இரண்டோ வர வேண்டியதுதான் வந்திருக்கிறது.

இதோடு அவர் நிறுத்தியிருந்தால் மின்னஞ்சலை நான் நம்பியிருக்க மாட்டேன். நஷ்டம் இயல்பு, பொறுமையாக இருங்கள் என்பதைப் போலியான பயிற்சியாளரும் சொல்வார். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், பியூச்சர்ஸ் ஆப்ஷன்ஸ் பிரிவில் இறங்கிய தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் பணத்தை இழந்தார்கள் என்று செபி ஆய்வு சொல்கிறது. மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். அந்த மூன்று வருடமும் 'இது தற்காலிகம்' என்று கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். பொறுமை என்ற சொல்லை யார் சொல்கிறார் என்பதைவிட, எதைக் காட்டிச் சொல்கிறார் என்பதுதான் முக்கியம்.

கோவை ஆசிரியர் இருபது டிரேடையும் தேதியோடு இணைத்திருக்கிறார். அதைப் பார்த்தால் நஷ்டம் எப்படி வந்தது என்பது புரிகிறது. அந்த மாதம் சந்தை ஒரு குறுகிய எல்லைக்குள் ஏறி இறங்கியது. பங்கு 20 நாள் உச்சத்தைத் தொடும், வாங்கச் சொல்லும், இரண்டு மூன்று நாளில் பழைய விலைக்கே திரும்பும். போக்கு இருக்கும்போது சம்பாதிக்கிற முறை, போக்கு இல்லாத மாதத்தில் அடிவாங்குகிறது. இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. பதினைந்து நஷ்டங்களில் ஐந்து வங்கிப் பங்குகள். ஐந்தும் ஒரே வாரத்தில் வாங்கப்பட்டு, ஒரே நாளில் ஸ்டாப் லாஸில் வெளியேறியிருக்கின்றன. "காகிதத்தில் ஐந்து டிரேடு. உண்மையில் வங்கித் துறை ஏறும் என்று ஒரே ஒரு பந்தயத்தை 5,000 ரூபாய்க்குக் கட்டியிருக்கிறோம்" என்று எழுதுகிறார். மேலே போட்ட நிகழ்தகவுக் கணக்கு ஒவ்வொரு டிரேடும் தனித்தனி என்று எடுத்துக்கொண்டு போட்டது. பங்குகள் கூட்டமாக ஏறி இறங்குவதால், மோசமான மாதங்கள் கணக்கு காட்டுவதைவிட அடிக்கடியும் ஆழமாகவும் வரும். இதை மாணவர்களிடம் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அப்படியானால் ஒரு துறைக்கு இரண்டு டிரேடுக்கு மேல் கூடாது என்று உடனே விதி போட்டுவிடலாமே? வேண்டாம் என்கிறார். போன மாதத்தைப் பார்த்துப் போட்ட விதி போன மாதத்தைத்தான் காப்பாற்றும். முதலில் பழைய விலைகளில் சோதிக்க வேண்டும், அந்தச் சோதனையையும் நேர்மையாகச் செய்ய வேண்டும். இன்றைய நிஃப்டி 50 பட்டியலை வைத்துக்கொண்டு 2018, 2019 விலைகளைச் சோதித்தால், அப்போது பட்டியலில் இருந்த யெஸ் பேங்க் கணக்கிலேயே வராது. 2020 மார்ச்சில் அது நீக்கப்பட்டுவிட்டது. விழுந்தவர்களை விட்டுவிட்டுத் தப்பித்தவர்களை மட்டும் எண்ணினால், எந்த முறையும் நல்ல முறையாகத்தான் தெரியும். நூற்றுக்கு நாற்பது என்ற எண்ணே இப்படி ஊதிப்போனதாக இருக்கலாம். ஆகவே அன்றன்றைய பட்டியலை வைத்துத்தான் சோதித்தேன் என்பதையும், ஆண்டுவாரியான முடிவுகளையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறார்.

இன்னொரு பக்கமும் உண்டு. உண்மையிலேயே கெட்டுப்போன ஒரு முறை, நூற்றுக்கு முப்பது முறைதான் ஜெயிக்கிறது என்று வையுங்கள். செலவுக்கு முன்பே மாதம் 2,000 ரூபாய் தின்னும் முறை. அதுகூடச் சுமார் நான்கு மாதத்துக்கு ஒரு முறை எட்டு அல்லது அதற்கு மேல் வெற்றி கொடுத்து, நல்ல முறையின் சராசரி மாதம் போலவே தெரியும். ஆகவே 20 டிரேடுகளை வைத்து முறையைப் புகழவும் முடியாது, தூற்றவும் முடியாது.

பிறகு எப்போது சந்தேகப்படுவது? 60 டிரேடு முடியட்டும் என்கிறார். முறை சரியாக இருந்தால் 24 வெற்றி எதிர்பார்க்கலாம். 16 அல்லது அதற்கும் குறைவாக வந்தால், அது தற்செயலாக நிகழ வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். அப்போது நிறுத்திவிட்டு முறையை மறுபடியும் சோதிக்க வேண்டும். இந்தக் கோட்டை அவர் நஷ்டம் வந்த பிறகு போடவில்லை, வகுப்பின் முதல் வாரத்திலேயே கொடுத்திருக்கிறார். இப்போது 20இல் 5 ஆகியிருப்பதால், மிச்சமுள்ள 40இல் 12 வெற்றியாவது வந்தாக வேண்டும்.

அதுவரை செய்யக்கூடாத ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். போனதை எடுக்க வேண்டும் என்று 1,000 ரூபாய் ரிஸ்க்கை 3,000 ஆக்குவது. இந்த முறையில் ஒரு வருடத்துக்குள் எங்காவது ஒரு இடத்தில் தொடர்ந்து ஒன்பது தோல்வி வருவதற்கு, வராமல் போவதைவிட வாய்ப்பு அதிகம். 1,000 ரூபாயில் அது 9,000 ரூபாய் நஷ்டம். வலிக்கும், ஆனால் தாங்கலாம். 3,000 ரூபாயில் அதே ஒன்பது தோல்வி 27,000 ரூபாயை எடுத்துக்கொண்டு போகும். முறையில் எந்த மாற்றமும் இல்லாமலேயே, முதலில் நூற்றுக்கு பதின்மூன்றரை காணாமல் போயிருக்கும்.

மின்னஞ்சலின் கடைசிப் பத்தி எல்லோருக்குமானதல்ல. "உங்களில் இருவர் தனிநபர் கடன் வாங்கி இதில் போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். 60 டிரேடு முடிய இன்னும் இரண்டு மாதம் ஆகலாம். உங்கள் தவணை அதற்குக் காத்திருக்காது. முறை சரியா தவறா என்பது தெரிய வருவதற்கு முன்பே நீங்கள் வீட்டுப் பணத்தில் கை வைக்க வேண்டியிருக்கும். தயவுசெய்து இன்றே நிறுத்திவிடுங்கள். கட்டிய வகுப்புக் கட்டணம் இருக்கட்டும், வகுப்புக்கு வாருங்கள். காகிதத்தில் மட்டும் டிரேடு எழுதிப் பாருங்கள்."