டோன்டு பால்னா தண்ணிப் பாலா?

எங்க ரூமில் டோன்டு பால் வாங்கினாலே ஒருத்தன் "தண்ணிப் பால்டா இது"ன்னு ஆரம்பிச்சிடுவான். அது பாதிதான் சரி.

கொழுப்பு அதிகமுள்ள எருமைப் பாலில் வெறும் தண்ணீர் ஊற்றினால் புரதம், கால்சியம் எல்லாமே சேர்ந்து குறைந்துவிடும். அதனால் கொழுப்பு நீக்கிய பால் பவுடரையும் சேர்த்தார்கள். கொழுப்பு மட்டும் இறங்கியது. 1940-களில் பம்பாயில் டோன்டு பால் இப்படித்தான் வந்தது.

பாக்கெட்டில் ஃபேட், எஸ்.என்.எஃப்-னு இரண்டு நம்பர் இருக்கும். எஸ்.என்.எஃப் என்பது கொழுப்பு தவிர்த்த மற்ற திடப்பொருள்: புரதம், லாக்டோஸ், தாதுக்கள். குறைந்தபட்சமாக ஃபுல் க்ரீமில் ஃபேட் 6, எஸ்.என்.எஃப் 9 சதவீதம். டோன்டில் 3, 8.5. டபுள் டோன்டில் ஃபேட் 1.5தான், ஆனா எஸ்.என்.எஃப் அதே 9!

அரை லிட்டர் எடுத்துக்கோங்க. ஃபுல் க்ரீமில் கொழுப்பு சுமார் 31 கிராம், டபுள் டோன்டில் 8. வித்தியாசம் மட்டும் 200 கலோரிக்கு மேல். புரதம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அதனால ஜிம் போறவங்க, எடை குறைக்க நினைக்கிறவங்க டபுள் டோன்டு வாங்கலாம். எடை கம்மியா இருக்கிற குழந்தைக்கும் கெட்டித் தயிருக்கும் ஃபுல் க்ரீம். தினசரி டீக்கு டோன்டு போதும், அவன் திட்டினாலும்.