எந்த ஊர் வெள்ளிக்கிழமை?

சிகாகோவில் இருக்கும் மேலாளர் ஒருவர் சென்னைக் குழுவுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார்: "அறிக்கை 03/06 ஈ.ஓ.டி.க்குள் வேண்டும்." ஈ.ஓ.டி. என்றால் அன்றைய வேலைநேரம் முடிவதற்குள் என்று அர்த்தம். அவர் மனதில் இருப்பது 2026 மார்ச் 6, வெள்ளிக்கிழமை மாலை 5 மணி. அமெரிக்கர்கள் மாதத்தை முன்னால் எழுதுவார்கள். நாம் நாளை முன்னால் எழுதுவோம். குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் இதை ஜூன் 3 என்று படித்துவிட்டு நிம்மதியாக இருப்பார். 03/16 என்று இருந்திருந்தால் பதினாறாவது மாதம் ஏது என்று யாரும் சுதாரித்துக்கொள்வார்கள். நாள் 12-க்குள் இருக்கும்போதுதான் தவறு வெளியே தெரியாமல் போகிறது.

மாதத்தை எழுத்தில் எழுதி, பக்கத்தில் கிழமையையும் சேர்த்தால் இந்தக் குழப்பம் தீரும். கிழமை அலங்காரத்துக்கு அல்ல. எழுதியவர் தேதியைத் தவறாகப் போட்டால் கிழமையோடு அது பொருந்தாது. படிப்பவர் உடனே கேட்டுவிடுவார்.

தேதி தெளிவானாலும் நேரம் பாக்கி இருக்கிறது. சென்னைக்காரருக்கு வேலைநேரம் முடிவது மாலை 6 மணிக்கு. அப்போது சிகாகோவில் வெள்ளி காலை 6:30தான். சிகாகோவின் மாலை 5 மணியோ சென்னையில் சனிக்கிழமை விடியற்காலை 4:30. ஆக, ஒரே ஈ.ஓ.டி.க்கு இரண்டு ஊரிலும் இருக்கும் பொருளுக்கு நடுவே பத்தரை மணி நேரம். ஒருவர் அவசரப்பட்டு அரைகுறையாக அனுப்புவார். இன்னொருவர் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போய்விடுவார். இருவரும் தங்கள் அளவில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியவர்கள்தான். ஈ.ஓ.டி. என்ற சுருக்கத்தை வேறு ஊர்க்காரருக்கு எழுதவே கூடாது என்பேன்.

எழுத வேண்டியது இப்படி:

```
வெள்ளி, 6 மார்ச் 2026, 17:00 சிகாகோ (UTC-06:00)
= சனி, 7 மார்ச் 2026, 04:30 சென்னை (UTC+05:30)
```

யு.டி.சி. என்பது உலகப் பொது நேரம். சென்னை அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால், மார்ச் 6 அன்று சிகாகோ ஆறு மணி நேரம் பின்னால். இரண்டாவது வரியில் கிழமையே மாறியிருப்பதைக் கவனியுங்கள். படிப்பவரைக் கணக்குப் போட விட்டால் அவர் மணியைச் சரியாக மாற்றிவிட்டு நாளை மாற்ற மறந்துவிடுவார். எழுதுபவரே ஒருமுறை போட்டுக்கொடுத்தால் பத்துப் பேர் பத்து விதமாகப் போட வேண்டியதில்லை.

'வெள்ளி நள்ளிரவு' என்ற கெடு இன்னொரு பொறி. வெள்ளி தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா? நள்ளிரவு தாண்டிப் புறப்படும் ரயிலுக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட்டு, ஒரு நாள் தாமதமாக நிலையத்துக்குப் போனவர்களுக்கு இந்த வலி தெரியும். வெள்ளி 23:59 என்று எழுதினால் சந்தேகத்துக்கு இடமில்லை.

அடுத்தது, நேர மண்டலங்களின் மூன்றெழுத்துச் சுருக்கங்கள். ஐ.எஸ்.டி. என்பது நமக்கு இந்திய நேரம். அயர்லாந்துக்காரருக்கும் இஸ்ரேல்காரருக்கும் அவரவர் நேரம். சிகாகோவின் சி.எஸ்.டி. சீனாவின் நேரத்துக்கும் பெயர். அதைவிட நுட்பமான சிக்கல், சி.எஸ்.டி. சிகாகோவுக்குக் குளிர்கால நேரம் மட்டுமே என்பது. கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியதும் அது சி.டி.டி. ஆகிவிடும். ஆனால் பழக்க தோஷத்தில் ஜூலையிலும் "மாலை 5 சி.எஸ்.டி." என்றே பலர் எழுதுகிறார்கள். சென்னையில் ஒருவர் அதை எழுத்துப்படி மாற்றினால் விடியற்காலை 4:30 என்று வரும். எழுதியவர் நினைத்தது 3:30. ஒரு மணி நேரம் தாமதம், கணக்கில் பிழையே இல்லாமல். ஊர்ப் பெயரை எழுதினால் இது நேராது. கடிகாரம் எப்போது மாறினாலும் சிகாகோ நேரம் சிகாகோ நேரம்தான்.

வாராவாரம் நடக்கும் கூட்டங்களில்தான் இது அதிகம் படுத்துகிறது. சிகாகோ காலை 8, லண்டன் மதியம் 2, சென்னை இரவு 7:30 என்று ஒரு கூட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2026-இல் அமெரிக்கா மார்ச் 8 அன்று கடிகாரத்தை மாற்றுகிறது. பிரிட்டன் மார்ச் 29 அன்றுதான். இந்தியா மாற்றுவதே இல்லை. கூட்டம் சிகாகோவின் 8 மணிக்கே நடக்கும் என்றால், மார்ச் 8 முதல் சென்னைக்கு அது மாலை 6:30. லண்டனுக்கு மூன்று வாரம் மட்டும் மதியம் 1, பிறகு மறுபடி 2. சென்னையின் 7:30-ஐ மாற்றாமல் வைத்தால் சிகாகோவுக்கு அது 9 மணி. எதுவும் சரிதான், எந்த ஊர்க் கடிகாரத்தைப் பிடித்துக்கொள்வது என்பதை அழைப்பிலேயே எழுதிவிட வேண்டும். "கூட்டம் சிகாகோ நேரப்படி, மார்ச் 8 முதல் சென்னையில் 18:30" என்ற ஒரு வரியை பிப்ரவரி கடைசியிலேயே அனுப்பிவிடலாம்.