சட்டைப் பொத்தானும் அறுபது சதவீதமும்

பட்டறை இயந்திரத்தில் இடது கை சிக்கிக்கொண்ட ஒரு தொழிலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. முழங்கை முழுதாக மடங்குவதில்லை. காயம் ஆறி, சிகிச்சையெல்லாம் முடிந்து, உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பதற்காக மாற்றுத்திறனாளி சான்றிதழ் கேட்டு அரசு மருத்துவமனைக்கு வருகிறார். எலும்பு முறிவு மருத்துவர் அளவெடுத்து ஒரு தாளில் குறிப்பு எழுதுகிறார். அந்தக் குறிப்பைச் சான்றிதழாக மாற்றுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதல்கள் கையை இரண்டாகப் பிரிக்கின்றன: புயப் பகுதி, உள்ளங்கை–விரல் பகுதி. ஒவ்வொன்றின் உச்ச மதிப்பும் 90. விரல்களின் பிடிமானம், தொடு உணர்வு, வலு ஆகியவற்றுக்குத் தலா 30. புயத்தைப் பொறுத்தவரை, மூட்டு எவ்வளவு அசைகிறது, தசைக்கு எவ்வளவு வலு இருக்கிறது என்பதோடு பத்துச் செயல்களையும் செய்து காட்டச் சொல்வார்கள். தலைக்கு மேலிருக்கும் பொருளை எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைப்பது, மூக்கைத் தொடுவது, நம் ஊர் முறையில் கையால் சாப்பிடுவது, தலை சீவுவது, பொத்தான் போடுவது, டம்ளரில் தண்ணீர் குடிப்பது, எழுதுவது என்று பட்டியல் போகிறது. ஒவ்வொரு செயலுக்கும் 9. மருத்துவப் பாடநூல் வாடை அடிக்காத, காலைக்கடன் முதல் எழுத்து வரை நம் ஒரு நாளைப் பிரித்துப் போட்ட பட்டியல் இது.

நம் தொழிலாளி இடது கையால் இரண்டு செயல்களைச் செய்ய முடியாமல் நிற்கிறார்: மேலே எடுத்து வைப்பது, பொத்தான் போடுவது. மூட்டு அசைவையும் வலுவையும் சேர்த்துப் பார்த்ததில் புயத்துக்கு 30 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விரல் பகுதிக்கு 45. இரண்டையும் கூட்டினால் 75. இங்கேதான் கை நடுங்க வேண்டும். தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான பராமரிப்பு உதவித்தொகைக்கு 75 சதவீதம்தான் வாசல்படி. ஆனால் வழிகாட்டுதல் நேரடியாகக் கூட்ட விடுவதில்லை. பெரிய மதிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, மிச்சமிருக்கும் திறனிலிருந்துதான் சின்ன மதிப்பைக் கழிக்கச் சொல்கிறது:

a + b(90 − a)/90

a என்பது 45, b என்பது 30. 90-இல் 45 போக மீதி 45, அதாவது பாதி. 30-இல் பாதி 15. மொத்தம் 60. சட்டப் பலன்களுக்கான பொது வரம்பான 40-ஐ அது தாண்டிவிடுகிறது, 75-ஐத் தொடவில்லை. எழுதுகிறவர் இரக்கப்பட்டு எண்ணை உயர்த்தினால், பிற்பாடு வேறொரு குழு அளந்து பார்க்கும்போது அடிபடுபவர் விண்ணப்பதாரர்தான்.

எண்ணைவிட வாக்கியங்கள் சிரமம். சான்றிதழ்ப் படிவத்தில் நோயின் பெயரும் உறுப்பும் சதவீதமும்தான் அடங்கும். கூட இணைக்கும் அறிக்கையில் விவரம் வரும். “பரிதாபமான நிலையில் இருக்கிறார், எந்த வேலைக்கும் லாயக்கில்லை” என்ற ஒரு வரி விண்ணப்பத்தைப் பரிசீலிப்பவருக்கு எதையும் சொல்வதில்லை. அவர் வலது கையால் செய்யக்கூடியதையும் மறைத்துவிடுகிறது. “நன்றாகவே சமாளிக்கிறார்” என்பதும் அதே அளவு மோசம். இப்படி எழுதலாம்:

“இடது முழங்கை 20 முதல் 90 பாகை வரை மடங்குகிறது. இடது கையால் தலைக்கு மேலிருந்து பொருளை எடுத்து வைக்க இயலவில்லை. மூன்று முறை முயன்றார். இடது கையால் பொத்தான் போட இயலவில்லை; வலது கையால் மட்டும், நேரம் எடுத்துக்கொண்டு, போடுகிறார். இரவில் வலியால் தூக்கம் கெடுவதாகக் கூறுகிறார்.”

முதல் நான்கும் கண்ணால் கண்டவை. கடைசி வாக்கியம் அவர் சொன்னது, அதனால்தான் “கூறுகிறார்”. இரண்டையும் கலந்தால் அறிக்கை முழுவதன் மேலும் சந்தேகம் விழும். “வேலை செய்ய முடியாது” என்பது அளவீட்டுக் குறிப்பில் இல்லாத முடிவு, ஆகவே அறிக்கையிலும் வராது.

கட்டங்களில் டிக் அடிக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். நிலை மேம்படக்கூடியதா, மறுமதிப்பீடு தேவையா என்று படிவம் கேட்கிறது. விரல் திரும்ப முளைக்காது; ஆனால் முழங்கை இறுக்கம் பயிற்சியால் தளருமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அது அவர் குறிப்பில் இல்லையென்றால், எழுதுகிறவர் ஊகித்து நிரப்பாமல் அவரிடமே திரும்பப் போக வேண்டும். சதவீதம் தவறென்று தோன்றினால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 59-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம்.

சான்றிதழைக் கையில் வாங்கியதும் விண்ணப்பதாரர் முதலில் பார்க்க வேண்டியது சதவீதத்தை அல்ல. எந்தக் கை என்று எழுதியிருக்கிறது என்பதை. குறிப்பில் “இடது” என்றிருந்தது சான்றிதழில் “வலது” ஆகிவிட்டால், மிச்சமெல்லாம் சரியாக இருந்தாலும் விண்ணப்பம் திரும்பி வரக்கூடும்.