14-ம் 15-ம் ஏன் இடம் மாறாது?

1880-ல் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் ஒரு சின்னப் பெட்டி ஆட்டிவைத்தது. பதினாறு கட்டங்களில் 1 முதல் 15 வரை எண்ணிட்ட கட்டைகள். வலது கீழ் மூலைக் கட்டம் காலி. எல்லாம் வரிசையாக இருக்கும், 14-ம் 15-ம் மட்டும் இடம் மாறியிருக்கும். கட்டைகளைக் காலி இடத்துக்குள் நகர்த்தி நகர்த்தியே அதைச் சரிசெய்ய வேண்டும். புதிர் வித்தகர் சாம் லாய்ட் பின்னாளில் இதற்கு 1,000 டாலர் பரிசு அறிவித்தார். அதை யாரும் வாங்கவில்லை, வாங்கவும் முடியாது.

காரணத்தைப் பார்க்க நான்கு எண்களே போதும். 3 1 4 2 என்ற வரிசையில் பக்கத்துப் பக்கத்து எண்களை மட்டும் மாற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். 3-ஐயும் 1-ஐயும் மாற்றினால் 1 3 4 2. அடுத்து 4-ம் 2-ம் மாறினால் 1 3 2 4. கடைசியாக 3-ம் 2-ம் மாற, வரிசை சரியாகிவிடுகிறது. எந்த வரிசையையும் இப்படிச் சரிசெய்துவிடலாம். ஆகவே எல்லா வரிசைமாற்றங்களும் அடங்கிய சமச்சீர்க் குலம் முழுவதையும் இந்தப் பக்கத்து மாற்றங்களே உருவாக்கிவிடுகின்றன.

மேலே மூன்று மாற்றங்கள் தேவைப்பட்டது தற்செயல் அல்ல. பெரிய எண் சிறிய எண்ணுக்கு முன்னால் நிற்கும் ஜோடிகள் அந்த வரிசையில் மூன்று: 3-1, 3-2, 4-2. ஒரு பக்கத்து மாற்றம் இந்தக் கணக்கில் ஒன்றைக் கூட்டும் அல்லது குறைக்கும். அதனால் எவ்வளவு சுற்றி வளைத்துப் போனாலும் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில்தான் வேலை முடியும்.

இனி பெட்டிக்கு வருவோம். காலி இடத்தை 16 என்று எண்ணி, நான்கு வரிகளையும் ஒரே நீள வரிசையாகப் படியுங்கள். பக்கவாட்டு நகர்வு ஒரு பக்கத்து மாற்றம். மேல்கீழ் நகர்வில் நான்கு இடம் தள்ளியிருப்பவை மாறுகின்றன. அது ஏழு பக்கத்து மாற்றங்களுக்குச் சமம். இரண்டுமே ஒற்றைப்படை. காலி இடம் மூலைக்குத் திரும்ப வேண்டுமானால், மேலே போன அளவு கீழேயும் இடப்புறம் போன அளவு வலப்புறமும் வந்தாக வேண்டும். எனவே நகர்வுகளின் எண்ணிக்கை இரட்டைப்படை. 14-ஐயும் 15-ஐயும் மட்டும் மாற்றுவதோ ஒற்றைப்படை வேலை.

இரட்டைப்படை வரிசைமாற்றங்கள் மட்டும் சேர்ந்தது ஆல்டர்னேட்டிங் குலம். அதை உருவாக்குவது மூன்று பொருள்களை வட்டமாக இடம் மாற்றும் மும்மைச் சுழற்சி. பக்கத்து மாற்றங்களை இரண்டிரண்டாகப் பிரியுங்கள். (1 2), (2 3) போல ஓர் எண் பொதுவாக இருந்தால் அந்த ஜோடியே ஒரு மும்மைச் சுழற்சி. (1 2), (3 4) போலப் பொது எண் இல்லாவிட்டால், நடுவில் (2 3)-ஐ இரண்டு முறை செருகுங்கள். அவை ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். ஆனால் (1 2)(2 3), (2 3)(3 4) என்று இரண்டு மும்மைச் சுழற்சிகள் கிடைத்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த படி இது.

பெட்டியிலும் இது கண்ணுக்குத் தெரியும். மூலையில் இரண்டுக்கு இரண்டு கட்டத்துக்குள் காலி இடத்தை நான்கு நகர்வில் ஒரு சுற்று சுற்றினால், அங்குள்ள மூன்று கட்டைகளும் வட்டமாக இடம் மாறும். வேறு மூன்று கட்டைகளைச் சுழற்ற, அவற்றை அந்த மூலைக்குக் கொண்டுவந்து, சுழற்றி, வந்த வழியே திரும்ப நகர்த்தினால் போதும். இரட்டைப்படை அமைப்புகள் அனைத்தும் கைகூடும் என்று 1879-லேயே ஜான்சன், ஸ்டோரி என்ற இரு கணிதர்களின் கட்டுரைகள் காட்டிவிட்டன. காலி இடம் மூலையில் இருக்கும்போது அப்படிக் கைக்கு எட்டுபவை 65,383 கோடியே 71 லட்சத்து 84 ஆயிரம். எட்டாதவையும் அதே அளவு.