குழியும் தொட்டியும்: வெட்டுத்தோற்றம் வரைதல்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், சித்தூர் வட்டத்தில் அமைந்துள்ளது முதலமடை. மாந்தோப்புகளுக்குப் பெயர் பெற்ற இவ்வூரில் கேரளத்தின் பிற பகுதிகளைவிட மழை குறைவு. ஆகவே கூரையில் விழும் நீரை மண்ணுக்குள் இறக்கும் குழியும், கிணற்று நீரை ஏற்றி வைக்கும் மேல்நிலைத் தொட்டியும் வீட்டு வரைபடத்திலேயே இடம்பெறுதல் நன்று.

இங்கு 5 சென்ட் அளவுள்ள ஒரு மனையை எடுத்துக்கொள்ளலாம். அதன் அகலம் 12 மீட்டர், நீளம் 17 மீட்டர். நடுவே 8 மீட்டர் அகலமும் 10 மீட்டர் நீளமும் உள்ள வீடு. முதலில் 1:100 என்னும் அளவில் மேல்தோற்றம் வரையப்படுகிறது. மனையின் ஒரு மீட்டர் தாளில் ஒரு சென்டிமீட்டர் ஆகும். முன்புறம் 4.5 மீட்டர் இடம் விடப்பட்டால், சுவரிலிருந்து 2 மீட்டர் தள்ளிக் குழியைக் குறிக்கலாம். அடித்தளத்தை ஒட்டிக் குழி வெட்டினால் கட்டடத்தின் கீழுள்ள மண் நனைந்து இளகும். கழிவுநீர்த் தொட்டி எதிர்ப்புறமாகிய பின்புறத்தில் இருத்தல் வேண்டும்.

மேல்தோற்றத்தில் குழி ஒரு சிறு சதுரமாகவே தெரியும். அதன் ஆழத்தையும் உள்ளே இருப்பதையும் அது காட்டாது. கத்தியால் பழத்தை இரண்டாகப் பிளந்து உட்புறத்தைக் காண்பது போல, குழியை நடுவே வெட்டியதாகக் கருதி வரைவதே வெட்டுத்தோற்றம். கொள்ளளவை அறிய அதுவே துணை.

கூரையின் பரப்பு 80 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் அதில் விழுவது 1,600 லிட்டர். ஓடு உறிஞ்சுவதும் சிதறுவதும் போக, ஏறத்தாழ 85 விழுக்காடு, அதாவது 1,360 லிட்டர் குழாய் வழியே வந்து சேரும்.

நீளம், அகலம், ஆழம் மூன்றும் முறையே 1.2, 1.2, 1.5 மீட்டர் உள்ள குழியின் கன அளவு 2,160 லிட்டர். இது போதும் என்று தோன்றும். பலர் தவறுவதும் இங்கேதான். குழி வெறுமையாக இருப்பதில்லை. அடியில் பெருங்கற்களும், நடுவில் சல்லியும், மேலே பருமணலும் நிரப்பப்படுகின்றன. நீருக்குக் கிடைப்பது அவற்றின் இடைவெளி மட்டுமே. 10 லிட்டர் வாளியைச் சல்லியால் நிரப்பி அதில் நீர் ஊற்றிப் பார்த்தால், ஏறத்தாழ 4 லிட்டரே கொள்ளும். ஆகவே அக்குழி கொள்வது 864 லிட்டர்தான்; எஞ்சியது முற்றத்தில் வழிந்தோடும்.

அதனால் குழி 1.5 மீட்டர் சதுரமாக, 1.8 மீட்டர் ஆழத்திற்கு மாற்றப்படுகிறது. இதில் அடிப்பகுதியின் 1.5 மீட்டர் வரை கல்லும் மணலும் நிரம்பும். இதன் கன அளவு 3,375 லிட்டர், இடைவெளி 1,350 லிட்டர். வர வேண்டிய நீருக்கு ஏறத்தாழ இது ஈடாகும். மேலே உள்ள 30 சென்டிமீட்டர் வெற்றிடத்தில் குழாய் வந்து சேரும். 1:20 அளவில் வரையும்போது குழியின் ஆழம் தாளில் 9 சென்டிமீட்டராக அமையும்.

சித்தூர்ப் பகுதியில் கரிசல் மண்ணும் உண்டு. அது நீரை மெதுவாகவே விடும். அங்கே இதே குழி போதாது. மழை நின்று ஒரு நாளுக்குப் பின்னும் நீர் தேங்கி நின்றால், மண் இறங்கவிடவில்லை அல்லது மேல்மணலில் தூசியும் மாவிலையும் அடைந்துவிட்டன என்று அறியலாம். இரண்டாவதற்கு மேல்மணலை அள்ளிக் கழுவிப் போட்டால் போதும். 2003-இல் தமிழ்நாட்டில் சட்டத்தால் வீடுதோறும் வெட்டப்பட்ட குழிகளுள் பல, இச்சிறு வேலை செய்யப்படாமலே பயனிழந்தன.

இனி மேல்நிலைத் தொட்டி. ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கொண்டால், ஐவர் குடும்பத்திற்கு 675 லிட்டர் வேண்டும். உட்புறம் ஒரு மீட்டர் சதுரமான தொட்டியில் நீர் ஒரு மீட்டர் உயரம் நின்றால் 1,000 லிட்டர். ஆயினும் அத்தனையும் குழாயில் வராது. வண்டல் கலவாதிருக்க, வெளியேறு குழாய் தரையிலிருந்து 5 சென்டிமீட்டர் மேலே வைக்கப்படுகிறது. அதன் கீழுள்ள 50 லிட்டர் அங்கேயே தங்கும். பயன்படுவது 950 லிட்டர்.

வழிந்தோடு குழாய் ஒரு மீட்டர் உயரத்தில், நீர் நுழையும் குழாய்க்குக் கீழே வரையப்பட வேண்டும். இவ்விரண்டும் இடம் மாறினால், மோட்டாரை நிறுத்த மறந்த நாளில் நுழைகுழாய் நீரில் மூழ்கும். மோட்டார் நின்றதும் தொட்டி நீர் அதன் வழியே கீழே திரும்பவும் கூடும். 1,000 லிட்டர் நீரின் எடை ஒரு டன்; தொட்டியின் சொந்த எடை வேறு. ஆகையால் கூரையின் நடுவில் அன்று, இரண்டு சுவர்கள் சேரும் மூலையின் மேலேயே தொட்டி வரையப்படுகிறது.