சந்து யாருடையது? வழி உரிமையும் ஆக்கிரமிப்பும் எங்கே பிரிகின்றன

"சந்துல கேட்டைப் போட்டுப் பூட்டிட்டாங்கப்பா. கேட்டா, எங்க இடம்ங்கறாங்க." ஊரிலிருந்து அம்மா இப்படி போனில் சொன்னதும், சென்னையில் வேலை பார்க்கும் மகனின் வாயில் முதலில் வரும் வார்த்தை "ஆக்கிரமிப்பு". முன்வீட்டுக்காரரிடம் கேட்டால் அவரும் அதே வார்த்தையைத்தான் சொல்வார்: "என் இடத்துல ஷெட் போட்டு ஆக்கிரமிச்சிருக்கிறதே அவங்கதான்."

இரண்டு பேரில் யார் சொல்வது சரி? சந்துத் தகராறுகள் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். நிலம் யாருடையது என்பது ஒரு கேள்வி, அதில் நடக்க யாருக்கு உரிமை என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், பஞ்சாயத்திலும் தீராது, கோர்ட்டிலும் இழுக்கும்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். 30 அடி அகலம், 100 அடி நீளம் கொண்ட ஒரு மனை. தெரு வடக்கே இருக்கிறது. 1992-ல் அண்ணன் தம்பி இருவரும் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்கிறார்கள். தெருவை ஒட்டிய முன்பாதி அண்ணனுக்கு, பின்பாதி தம்பிக்கு. பின்வீட்டுக்குத் தெருவிலிருந்து வர, முன்வீட்டின் கிழக்கு ஓரமாக 6 அடி அகலச் சந்து.

அண்ணன் 2019-ல் தன் பாதியை வெளியாள் ஒருவருக்கு விற்றுவிட்டார். கிரயப் பத்திரத்தில் 30-க்கு 50 அடி, மொத்தம் 1,500 சதுர அடி என்று இருக்கிறது. சந்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. வாங்கியவர் 2024-ல் சந்துப் பக்கம் 2 அடி நீட்டிப் படிக்கட்டு கட்டுகிறார், தெரு முனையில் கேட் போட்டுப் பூட்டுகிறார். தம்பி இப்போது உயிரோடு இல்லை. போன் செய்தது அவருடைய மனைவி. அவர்கள் வீட்டு டூவீலருக்காகச் சந்தின் உள்முனையில் தகர ஷெட் ஒன்று பல வருடங்களாக நிற்கிறது.

முன்வீட்டுக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. "1,500 சதுர அடிக்கும் காசு கொடுத்திருக்கேன். அதுல 300 சதுர அடி உங்க பாதைன்னா, அந்தக் காசு யார் தருவா?"

ஒரு வரியில் இருக்கும் வித்தியாசம்

பதில் 1992 பத்திரத்தில் இருக்கிறது. சந்து பற்றிய வரி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம்.

"கிழக்கு ஓரம் உள்ள 6 அடி அகலப் பாதை இரு தரப்பாருக்கும் பொதுவானது" என்று இருந்தால், அந்த 300 சதுர அடி இருவருக்கும் சொந்தம். அண்ணனால் தன் பங்கை மட்டுமே விற்றிருக்க முடியும். முழு இடத்தையும் தனதாக எழுதி விற்றிருந்தாலும், இல்லாததை வாங்கியவருக்குக் கொடுக்க முடியாது. அந்தப் படிக்கட்டு நிற்பது கூட்டு நிலத்தில். அதை ஆக்கிரமிப்பு என்று சொல்லலாம்.

"அண்ணன் பாகத்து மனையின் கிழக்கு ஓரம் 6 அடி அகலத்தில் தம்பி நடந்து போகவர பாத்தியம் உண்டு" என்று இருந்தால் கதை மாறுகிறது. நிலம் முழுக்க அண்ணனுடையது, அதனால் இப்போது வாங்கியவருடையது. தம்பி குடும்பத்துக்கு இருப்பது அந்த நிலத்தின் மீதான வழி உரிமை. சட்டம் ஈஸ்மென்ட், அதாவது வசதி உரிமை, என்று சொல்வது இதைத்தான். அடுத்தவர் நிலத்தை, உங்கள் நிலத்தின் பயனுக்காக, குறிப்பிட்ட ஒரு விதத்தில் பயன்படுத்தும் உரிமை. 1882-ம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் இதற்கென்றே எழுதப்பட்டது. இன்றும் அதுதான் நடைமுறையில் இருக்கிறது.

சொந்த நிலத்தை யாரும் ஆக்கிரமிக்க முடியாது. எனவே இந்த இரண்டாவது வகையில் முன்வீட்டுக்காரர் செய்தது ஆக்கிரமிப்பு இல்லை, வழி உரிமைக்குச் செய்த தடை. ஆனால் அதுவும் தவறுதான். பத்திரம் 6 அடி என்று சொல்லும்போது படிக்கட்டு 2 அடியைத் தின்றுவிட்டால் மிஞ்சுவது 4 அடி. கேட் விஷயம் கொஞ்சம் வேறு. நிலத்துக்காரர் பாதுகாப்புக்காகக் கேட் போட்டதாலேயே உரிமை பறிபோய்விடாது. ஒரு சாவி பின்வீட்டுக்கும் கொடுத்திருந்தால் கோர்ட் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் போகலாம். சாவி தராமல் பூட்டியதுதான் பிரச்னை.

'என் பத்திரத்தில் அப்படி எதுவும் இல்லையே' என்ற வாதம் முன்வீட்டுக்காரருக்கு அதிகம் உதவாது. வழி உரிமை ஆளோடு போவதில்லை, நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது. 1992 பத்திரம் பதிவானது. வாங்கும்போது கடைசி 15 ஆண்டுக்கு மட்டும் வில்லங்கம் போட்டுப் பார்த்திருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. மூலப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படித்திருந்தால் பட்டிருக்கும். விலையில் ஏமாந்ததாக நினைத்தால், அவருடைய சண்டை விற்றவரோடு.

அந்த டூவீலர் ஷெட்?

இப்போது பின்வீட்டுக்காரர்களுக்குக் கசப்பான பகுதி. நடந்து போகவர உரிமை என்றால், நடந்து போகவர மட்டும்தான். ஒரு வகை வழி உரிமைக்குள் இன்னொரு வகை தானாக அடங்காது என்று வசதியுரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு சொல்கிறது. நடைபாதை உரிமை வைத்திருப்பவர் அதையே வண்டிப்பாதை என்று கேட்க முடியாது. நிரந்தரமாக ஷெட் போடுவதெல்லாம் பாதையைப் பயன்படுத்துவது இல்லை, அடுத்தவர் நிலத்தில் இடம் பிடிப்பது. அதாவது இந்த வகையில், ஆக்கிரமிப்பு என்ற வார்த்தைக்குப் பொருந்துவது பின்வீட்டாரின் ஷெட்தான்!

"அது நின்னு 12 வருஷம் ஆச்சு, இனி எங்களுக்கே சொந்தம்" என்று யாராவது பக்கத்து வீட்டில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 12 ஆண்டு என்ற கணக்கு உண்மைதான். தனியார் நிலத்தை மீட்க வழக்குப் போடக் காலவரம்புச் சட்டம் தரும் கெடு அது. ஆனால் வெறுமனே வருடங்கள் ஓடினால் போதாது. நிலத்துக்காரருக்கு எதிராக, எல்லோருக்கும் தெரியும்படி, இடைவிடாமல், 'இது என்னுடையது' என்ற நிலையில் அனுபவித்ததாக நிரூபிக்க வேண்டும். அண்ணன் கண்டுகொள்ளாமல் விட்ட ஷெட்டுக்கு அதை நிரூபிப்பது கஷ்டம். அதோடு, 'நிலம் உங்களுடையது, எனக்கு வழி உரிமை இருக்கிறது' என்று ஒரு பக்கமும் 'நிலமே என்னுடையது' என்று இன்னொரு பக்கமும் ஒரே வழக்கில் வாதாடினால், இரண்டுமே வலுவிழக்கும்.

பத்திரத்தில் வரியே இல்லை என்றால்

சந்தைப் பற்றி எந்தப் பத்திரத்திலும் எழுதவில்லை, ஆனால் மூன்று தலைமுறையாக நடக்கிறோம் என்பவர்களுக்கு இரண்டு வாசல்கள் உண்டு.

ஒன்று, அவசியம். ஒரே மனையைப் பிரித்ததால் பின்பாதிக்கு வேறு வழியே இல்லாமல் போனால், வழி உரிமையைச் சட்டமே தருகிறது. ஆனால் பின்பக்கம் புதிதாக ஒரு தெரு வந்துவிட்டால் அவசியம் தீர்ந்தது, உரிமையும் முடிந்தது. பத்திரம் மூலம் கொடுத்த வழி உரிமைக்கு இந்த ஆபத்து இல்லை. வேறு வழி இருக்கிறது என்பதற்காக எழுதிக்கொடுத்த உரிமை அழியாது என்று 2006-ல் உச்ச நீதிமன்றம் ஒரு பாதை வழக்கில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

இன்னொன்று, நீண்டகால அனுபவம். 20 ஆண்டுகள் வெளிப்படையாக, சண்டையில்லாமல், இடைவிடாமல், உரிமையாக நடந்திருக்க வேண்டும். அரசு நிலமாக இருந்தால் 30 ஆண்டுகள். இதில் 'உரிமையாக' என்ற வார்த்தைதான் பலரைக் கவிழ்க்கிறது. அனுமதி கேட்டு நடந்தால் அது உரிமை ஆகாது, வெறும் இசைவு. கொடுத்தவர் பொதுவாக எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சமாதானமாகப் போகலாம் என்று நினைத்து, "அண்ணே, இத்தனை நாள் உங்க அனுமதியோடதான் போய்ட்டு வந்தோம், இப்பவும் கொஞ்சம் மனசு வைங்க" என்று மகன் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் தட்டிவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் பிரின்ட் எடுத்து வைக்கப்போகும் முதல் தாள் அதுதான்.

இந்த வகை உரிமைக்கு நாள் கணக்கும் உண்டு. தடை வந்தது தெரிந்தும் ஓர் ஆண்டு பொறுத்துக்கொண்டு இருந்துவிட்டால், அனுபவம் அறுந்ததாகவே ஆகிவிடும். 20 ஆண்டு அனுபவமும் வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்ததாக இருக்க வேண்டும். 'பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பேசிக்கலாம்' என்று இரண்டு பொங்கல் தள்ளிப்போட முடியாது.

முதலில் செய்ய வேண்டியது, செய்யவே கூடாதது

செய்யக் கூடாததை முதலில் சொல்லிவிடலாம். பூட்டை உடைப்பது, படிக்கட்டை இடிப்பது. வழி உரிமை உள்ளவரே ஆனாலும் தடையைத் தானாக அகற்றிக்கொள்ள முடியாது என்று அதே சட்டத்தின் 36-வது பிரிவு சொல்கிறது. இடித்த மறுநாள், புகார்தாரர் அவராகவும் குற்றம் சாட்டப்பட்டவர் நீங்களாகவும் மாறிவிடுவீர்கள்.

செய்ய வேண்டியது பேப்பர் வேலை. 1992 பத்திரத்தின் நகலைப் பதிவு அலுவலகத்தில் வாங்கி, செக்குபந்தியையும் பாதை பற்றிய வரியையும் படிக்க வேண்டும். புலப்படத்தையும் பார்த்துவிட வேண்டும். ஒரு மனைக்குள் வீட்டாரே ஒதுக்கிக்கொண்ட சந்து அதில் பெரும்பாலும் இருக்காது. இல்லை என்பதால் உரிமை இல்லை என்று அர்த்தமில்லை. மாறாக, அந்தச் சந்து தெருப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால் இரண்டு வீட்டாருக்குமே அது சொந்தமில்லை. அப்போது படிக்கட்டும் ஷெட்டும் சேர்ந்தே ஆக்கிரமிப்பு. உள்ளாட்சி அமைப்போ தாசில்தாரோ நடவடிக்கை எடுக்கலாம்.

தனியார் சந்து என்றால் போகும் இடம் சிவில் கோர்ட். வழி உரிமை உண்டு என்று அறிவிக்கவும், பூட்டுவதைத் தடுக்கவும், நீட்டிய 2 அடியை அகற்றவும் கேட்கலாம். வக்கீல் கமிஷனர் ஒருவரை நியமித்து, சர்வேயரோடு வந்து அளந்து, படமும் அறிக்கையும் தாக்கல் செய்ய வைக்கலாம். படிக்கட்டு எத்தனை அடி நீண்டிருக்கிறது, ஷெட் எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அந்தப் படத்தில் வந்துவிடும். தன் ஷெட்டும் அதில் விழும் என்று தெரிந்தே மனுப் போட வேண்டும்.

இந்த உதாரணத்தில் பத்திரம் இரண்டாவது வகை, நடந்து போகவர மட்டும் பாத்தியம், என்று வைத்துக்கொண்டால், பேசி முடிக்க இடம் இருக்கிறது. படிக்கட்டு 2 அடி உள்ளே போக வேண்டும், தகர ஷெட் போக வேண்டும், கேட் இருக்கலாம் ஆனால் சாவி இரண்டு. டூவீலரைத் தள்ளிக்கொண்டு போக முன்வீட்டுக்காரர் சம்மதித்தால், அதையும் அகலத்தையும் எழுத்தில் வைத்து, வரைபடத்தோடு பதிவு செய்துகொள்ள வேண்டும். வாய்ப்பேச்சாக விட்டால், முன்வீடு அடுத்த முறை கைமாறும்போது அம்மா மறுபடி போன் செய்ய வேண்டியிருக்கும்.