சொல் பொருந்தும், பொருள் பொருந்தாது

2024 டிசம்பரில் ஐபோன் வைத்திருந்த சிலருக்கு பிபிசியின் பெயரில் ஓர் அறிவிப்பு வந்தது. மூன்று செய்திகளை ஒன்றாகச் சுருக்கிய அறிவிப்பு அது. சிரியாவைப் பற்றியும் தென்கொரியாவைப் பற்றியும் சொன்ன பகுதிகளில் பிழை இல்லை. மூன்றாவதில்தான் கோளாறு. நியூயார்க்கில் காப்பீட்டு நிறுவனத் தலைவர் ஒருவரைச் சுட்டுக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட இளைஞர், தன்னைத்தானே சுட்டுக்கொண்டதாக அது சொன்னது. பிபிசி அப்படி எழுதவே இல்லை. ஆப்பிளின் சுருக்கும் மென்பொருள் அதைத் தானாக உண்டாக்கியிருந்தது. பிபிசி புகார் செய்தது. 2025 ஜனவரியில் செய்திகளுக்கான அந்த வசதியை ஆப்பிள் நிறுத்தி வைத்தது.

அந்தப் பிழையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆளின் பெயர் சரி, சுட்டது என்ற வினையும் அந்த வழக்குக்கு உரியதுதான். யார் யாரைச் சுட்டார் என்பது மட்டும் மாறிவிட்டது. சொற்களை எண்ணிப் பார்க்கும் ஒரு சோதனை இந்த வகைப் பிழையை எளிதில் கோட்டை விட்டுவிடும். சுருக்கும் மென்பொருள்களுக்கு இருபது ஆண்டுகளாக மதிப்பெண் போட்டுவருவது பெரும்பாலும் அப்படிச் சொல் எண்ணும் சோதனைதான்.

அதன் பெயர் ரூஜ். 2004இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் சின்-யூ லின் வெளியிட்டது. ஒரு மனிதர் எழுதிய மாதிரிச் சுருக்கத்தை விடைத்தாளாக வைத்துக்கொண்டு, மென்பொருள் எழுதியதில் அதே சொற்கள் எத்தனை வந்திருக்கின்றன என்று அது எண்ணும். தனிச் சொற்களை எண்ணினால் ரூஜ்-1. அடுத்தடுத்து வரும் இரண்டிரண்டு சொற்களாக எண்ணினால் ரூஜ்-2.

ஒரு மழைக்காலச் செய்தியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதிரிச் சுருக்கம் இது: “கனமழையால் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை, கல்லூரிகள் வழக்கம்போல் இயங்கும் என்று ஆட்சியர் அறிவிப்பு.” மொத்தம் பத்துச் சொற்கள். ஒரு மென்பொருள் இதையே எழுதி, “இயங்கும்” வர வேண்டிய இடத்தில் மட்டும் “இயங்காது” என்று போட்டுவிடுகிறது. பத்தில் ஒன்பது சொற்கள் பொருந்துவதால் ரூஜ்-1இல் அதற்கு 90 விழுக்காடு. இரண்டிரண்டாக எண்ணினாலும் ஒன்பது இணைகளில் ஏழு பொருந்துகின்றன, கிட்டத்தட்ட 78.

இன்னொரு மென்பொருள் இப்படி எழுதுகிறது: “மழை பலமாக இருப்பதால் நாளை பள்ளிக்கூடம் கிடையாது, கல்லூரி உண்டு என்றார் கலெக்டர்.” செய்தி அப்படியே இருக்கிறது. ஆனால் பத்துச் சொற்களில் பொருந்துவது “நாளை” ஒன்றுதான். மதிப்பெண் 10. ரூஜ்-2இல் சுழியம்.

முதல் சுருக்கத்தை நம்பிய கல்லூரி மாணவர் நாளைக்குத் தேர்வைத் தவறவிடுவார். அதற்குத்தான் 90.

இப்படிப்பட்ட அளவுகோல் ஏன் இத்தனை காலம் தாக்குப்பிடித்தது? ரூஜ் பிறந்த நாளில் சுருக்கும் மென்பொருள்கள் பெரும்பாலும் சொந்தமாக எழுதவில்லை. கட்டுரையிலிருந்து முக்கியமான வாக்கியங்களைப் பொறுக்கி எடுத்து ஒட்டிக் கொடுத்தன. எடுத்த வாக்கியம் மூலத்தில் இருந்த வாக்கியமே என்பதால், அதற்குள் பொருள் திரிய வாய்ப்புக் குறைவு. சரியான பகுதியைப் பொறுக்கியதா என்பதே அன்றைய கேள்வி. அதற்குச் சொல் கணக்கு ஓரளவு போதும். பத்தாண்டு கழித்து, சொந்த வாக்கியம் அமைக்கும் நரம்பு வலைப்பின்னல் மென்பொருள்கள் வந்தன. தேர்வு எழுதுபவரின் தன்மை மாறியது, திருத்தும் முறை மாறவில்லை.

தமிழுக்கு இதில் தனியான ஒரு துன்பம் உண்டு. மேலே பார்த்ததுபோல், தமிழில் எதிர்மறை வினையின் ஈற்றிலேயே ஒட்டிக்கொள்கிறது. “இயங்கும்” என்பதைத் தலைகீழாக்கத் தனிச் சொல் தேவையில்லை. மறுபுறம், “கல்லூரி”, “கல்லூரிகள்”, “கல்லூரிகளுக்கு” மூன்றும் எண்ணும் மென்பொருளுக்கு வேறு வேறு சொற்கள். ஆக, பிழையின் விலை மலிவு, சரியான மறுமொழிவின் விலை அதிகம். இதைவிட அடிப்படையான சிக்கலும் இருக்கிறது. ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் `rouge_score` என்ற நிரல் தொகுப்பு, உரையைச் சொற்களாகப் பிரிக்கும்முன் கீழ்க்கண்ட அமைப்புக்குப் பொருந்தும் எல்லாவற்றையும் அழித்துவிடும்:

```
[^a-z0-9]+
```

ஆங்கில எழுத்தும் எண்ணும் அல்லாத அனைத்தும் என்று இதற்குப் பொருள். வேறு பிரிப்பானைக் கொடுக்காமல் தமிழை உள்ளே விட்டால் ஓர் எழுத்துகூட மிஞ்சாது, மதிப்பெண் சுழியம். இரண்டு பக்கமும் “2025” என்ற எண் மட்டும் இருந்தால் முழு மதிப்பெண்! தமிழ் உட்பட 44 மொழிகளின் பிபிசி செய்திகளைக் கொண்டு 2021இல் எக்ஸ்எல்-சம் என்ற தொகுப்பை உருவாக்கியவர்கள், பல மொழிகளுக்கும் பொருந்தும் ரூஜ் நிரலைத் தாங்களே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

விடைத்தாளே தவறாக இருந்தால்? எக்ஸ்சம் என்ற புகழ்பெற்ற ஆங்கிலத் தொகுப்பில் பிபிசி செய்தியின் முதல் வாக்கியத்தைச் சுருக்கமாகவும் மீதியைக் கட்டுரையாகவும் எடுத்துக்கொண்டார்கள். செய்தியாளர் முதல் வரியில் முழுப்பெயர், ஊர், வயது ஆகியவற்றைச் சொல்லிவிட்டுக் கீழே அவற்றைத் திரும்பச் சொல்வதில்லை. 2020இல் கூகுள் ஆய்வாளர்கள் ஆட்களை வைத்துப் படித்துப் பார்த்ததில், மாதிரிச் சுருக்கங்களிலேயே 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் கட்டுரையில் இல்லாத தகவல் இருந்தது. அதைப் பார்த்துப் பழகும் மென்பொருள், இல்லாததை எழுதுவதுதான் வேலை என்று கற்றுக்கொள்கிறது. அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கிறது.

அதே ஆய்வு ஒரு வழியையும் காட்டியது. மாதிரிச் சுருக்கத்தை ஒதுக்கிவிட்டு மூலக் கட்டுரையையே எதிரில் வைத்து, “கட்டுரை உண்மையானால் இந்தச் சுருக்கமும் உண்மையாகத்தான் இருக்க வேண்டுமா?” என்று கேட்பது. இதற்கென்றே பயிற்சி பெற்ற மென்பொருள்கள் உண்டு. பின்தொடர்கிறது, முரண்படுகிறது, இரண்டும் இல்லை என்று மூன்றில் ஒரு தீர்ப்புச் சொல்லும். மனிதர்கள் கொடுத்த தீர்ப்போடு ரூஜைவிட இந்தக் கேள்வியே நன்றாக ஒத்துப்போனது. கட்டுரையில் “கல்லூரிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்படவில்லை” என்று ஒரு வரி இருந்தால், “கல்லூரிகள் இயங்காது” என்பது முரண் என்று மாட்டிக்கொள்ளும். “கல்லூரி உண்டு” தப்பித்துவிடும்.

ஆனால் இந்த மென்பொருள்கள் பழகியது சின்னச் சின்ன வாக்கிய இணைகளில். முழுக் கட்டுரையைக் கொடுத்தால் தடுமாறும். 2022இல் வந்த சம்மாக் என்ற முறை இதற்கு ஓர் எளிய வழி கண்டது. சுருக்கத்தின் ஒவ்வொரு வாக்கியத்தையும் கட்டுரையின் ஒவ்வொரு வாக்கியத்தோடும் தனித்தனியே ஒப்பிட்டு, எது மிக வலுவாகத் தாங்குகிறது என்று பார்ப்பது. இதிலும் ஓட்டை உண்டு. “அவர் அதை மறுத்தார்” என்ற வரியைத் தனியே பிரித்தால் அந்த “அவர்” யார் என்பது தெரியாது. தகவல் இரண்டு வரிகளில் பரவியிருந்தால், சரியான சுருக்கமும் தவறு என்று ஆகிவிடும்.

இன்னொரு வழி வாத்தியார் வழி: கேள்வி கேட்பது. 2020இல் வெளியான க்யூஏஜிஎஸ் என்ற முறை, சுருக்கத்தைப் பார்த்துத் தானே கேள்விகளை உண்டாக்கும். “நாளை எவை இயங்காது?” என்ற கேள்விக்குச் சுருக்கத்திலிருந்து ஒரு விடை, கட்டுரையிலிருந்து ஒரு விடை. முதலாவது “கல்லூரிகள்”, இரண்டாவது “பள்ளிகள்”. பிழை எந்த இடத்தில் என்பதையும் இது காட்டிக்கொடுக்கும். ஐபோன் அறிவிப்பில் “யாரைச் சுட்டார்?” என்ற ஒரு கேள்வி போதுமாக இருந்திருக்கும். வருத்தம் என்னவென்றால், இரண்டு விடைகளையும் ஒப்பிட அந்த முறை கடைசியில் சொல் பொருத்தத்தையே எண்ணுகிறது. ஒன்றில் “ஆட்சியர்”, மற்றதில் “கலெக்டர்” என்றால் மதிப்பெண் போய்விடும்.

இரண்டு வழிகளும் பார்க்கத் தவறுவது ஒன்று உண்டு. கட்டுரையின் முதல் வரியை அப்படியே நகலெடுத்துக் கொடுத்தால் இரண்டிலும் நல்ல மதிப்பெண் வாங்கலாம், முக்கியமான செய்தி நான்காம் பத்தியில் கிடந்தாலும். எதை விட்டது என்பதற்குத் தனிச் சோதனை வேண்டும். அதற்குக் கட்டுரையிலிருந்து கேள்வி எடுத்து, சுருக்கம் விடை சொல்கிறதா என்று திருப்பிக் கேட்கிறார்கள். அதனால் ஒரு மென்பொருளை வெளியிடுமுன் சில நூறு சுருக்கங்களையாவது ஆட்கள் மூலத்தோடு வைத்துப் படிப்பது இன்னும் தொடர்கிறது. பெயர், எண், தேதி, “இல்லை” என்று முடியும் வினை, யார் யாருக்குச் செய்தார் என்பது: ஒவ்வொன்றையும் அடிக்கோடிட்டு, கட்டுரையில் அதற்கான வரியைத் தேடுகிறார்கள். வரி கிடைக்காத அடிக்கோடு பிழையாகக் குறிக்கப்படுகிறது, ரூஜ் அதற்கு எத்தனை கொடுத்திருந்தாலும்.